‘மொத்தச் செலவு’ என்று குறிப்பிடும் வேலை மின்னஞ்சல்

கேள்வி: கொழும்பு நிறுவனமொன்று, “நிறுவனத்துக்கான மொத்தச் செலவு மாதம் 115,000 ரூபாய், முன்னைய பணியிடச் சரிபார்ப்புக்கு உட்பட்டது” என மின்னஞ்சல் அனுப்பியுள்ளது. இருக்கும் வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இப்போது விட வேண்டாம். ‘மொத்தச் செலவு’ என்பதில் தொழில்தருநர் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்படியானால் உங்கள் சம்பளம் 100,000 ரூபாய்தான், அதிலும் உங்கள் பங்கான 8 வீதம் கழிந்தபின் கைக்கு வருவது 92,000 ரூபாய். இதை மின்னஞ்சலிலேயே கேட்டு எழுத்தில் பெறுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னர் நிற்காது.

‘உட்பட்டது’ என்ற சொல் இருக்கும்வரை அவர்கள் பின்வாங்க இடமுண்டு. ஆகவே சரிபார்ப்பு முடிந்து, கையொப்பமிட்ட நியமனக் கடிதம் கிடைத்த பிறகே, உங்கள் முன்னறிவித்தல் காலத்தைக் கணக்கிட்டு விலகல் கடிதம் கொடுங்கள்.