லேபிள் இன்னும் வரவில்லை: குத்தாமல் நினைவூட்டுவது எப்படி?

திருப்பூரில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். லேபிள் சப்ளையருக்கு எழுதிய மெயிலைப் பார்த்துவிட்டு மேனேஜர் "குத்திக் காட்டுற மாதிரி இருக்கு" என்கிறார். எங்கே குத்துகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மெயில் இதுதான்: "வணக்கம் சார். ஏற்கெனவே பலமுறை தெரிவித்தபடி, வாஷ்கேர் லேபிள்கள் 10ஆம் தேதியே வந்திருக்க வேண்டும். தாங்கள் பிஸியாக இருப்பீர்கள் என்பது புரிகிறது. இன்றாவது அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும். எங்கள் நிலைமையையும் கொஞ்சம் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்."

மேனேஜர் சொல்வது சரிதான். கடுமையான சொல் ஒன்றுகூட இல்லாததால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை. நம் மொழியில் குத்தல் பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். "10ஆம் தேதியே" என்பதில் அந்த ஏகாரத்தை எடுத்தால் வெறும் தேதி. சேர்த்தால் "இவ்வளவு நாள் என்ன பண்ணினீர்கள்?" "இன்றாவது" என்றால் நேற்றுவரை நீங்கள் லாயக்கில்லை என்று அர்த்தம். "நிலைமையையும்" என்பதில் உள்ள உம், இதுவரை அவர் தன் நிலைமையை மட்டுமே பார்த்தார் என்கிறது.

"பிஸியாக இருப்பீர்கள் என்பது புரிகிறது" என்பதை நீங்கள் தன்மையாக எழுதியிருக்கலாம். ஆனால் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லையே. நீங்களே ஒரு சாக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே அது செல்லாது என்கிறீர்கள். "பலமுறை" என்பதும் அப்படித்தான். இரண்டு முறை எழுதியிருந்தால் அந்த இரண்டு தேதிகளைப் போடுங்கள், தேவைப்பட்டால் மட்டும்.

இந்தச் சொற்களை எடுத்துவிட்டால் மெயிலில் என்ன மிஞ்சுகிறது? 10ஆம் தேதி என்ற ஒரே தகவல். எத்தனை லேபிள், எப்போது வேண்டும், தாமதமானால் எது நிற்கும் என்று எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாத இடத்தைத்தான் குத்தல் நிரப்பியிருக்கிறது. நான் எழுதினால் இப்படி:

"வணக்கம் சார். 10ஆம் தேதி டெலிவரி என்று பி.ஓ.வில் உள்ள 6,000 வாஷ்கேர் லேபிள், இன்று 13ஆம் தேதி காலை வரை எங்களுக்கு வரவில்லை. 15ஆம் தேதி சைடு சீம் தைக்கத் தொடங்குகிறோம், அப்போதே லேபிளை வைத்துத் தைக்க வேண்டும். 14ஆம் தேதி மாலைக்குள் முழுவதும் கிடைக்குமா? முடியாது என்றால் முதலில் 2,000 அனுப்பிவிட்டு, மீதி எந்தத் தேதி என்று சொல்லுங்கள். இன்று மாலை 4 மணிக்குள் பதில் வந்தால் லைனை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம். ஆர்ட்வொர்க் அப்ரூவலில் எங்கள் பக்கம் ஏதாவது நிற்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள்."

தாமதத்தை இதில் மறைக்கவில்லை, முதல் வரியிலேயே இருக்கிறது. ஆனால் "நீங்கள் அனுப்பவில்லை" என்று இல்லாமல் "எங்களுக்கு வரவில்லை" என்று இருக்கிறது. உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததும் அதுதானே. பார்சல் ஆபீஸில் கிடக்கலாம், உங்கள் கேட்டிலேயே இன்வர்டு போடாமல் இருக்கலாம். கடைசி வரி மரியாதைக்காக எழுதியதல்ல. வாஷ்கேர் வாசகத்துக்கு பையர் ஓகே சொல்லத் தாமதமானாலும் லேபிள் தாமதமாகும். மெயில் அனுப்பும் முன் அந்த அப்ரூவல் என்றைக்குப் போனது என்று பார்த்துவிடுங்கள்.

இனி மற்றவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

இவ்வளவு எதற்கு? சப்ஜெக்டில் "ஜென்டில் ரிமைண்டர்" என்று போட்டு, உள்ளே ரெண்டு "தயவுசெய்து" சேர்த்தால் போதாதா?

முதல் முறை போதும், அதுவும் தேதி தாண்டுவதற்கு முன்னால் என்றால். தாண்டிய பிறகு "ஜென்டில்" என்று எழுதினால், படிப்பவர் "அடுத்தது ஜென்டிலாக இருக்காது" என்றுதான் எடுத்துக்கொள்வார். "தயவுசெய்து" ஒன்று இருக்கட்டும். நாலு இருந்தால் கெஞ்சலாகவோ கிண்டலாகவோ ஆகிவிடும். சப்ஜெக்டில் பி.ஓ. எண்ணையும் "லேபிள் டெலிவரி தேதி வேண்டும்" என்பதையும் போட்டால் திறக்காமலே விஷயம் தெரியும்.

எனக்கு என் மேனேஜரிடமிருந்துதான் இப்படி மெயில் வருகிறது. "நினைவிருக்கும் என்று நம்புகிறேன்" என்று. பதிலுக்கு நானும் நாசூக்காக ஏதாவது சொல்ல வழி உண்டா?

இங்கே பேசுவது அனுப்பும் மெயிலைப் பற்றி. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். வழி உண்டு, சொல்லித் தர மாட்டேன். "ரிப்போர்ட் முடியவில்லை, கட்டிங் கணக்கு வரவில்லை, வியாழன் மதியம் தருகிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். அவர் தொனி மாறுமா என்பது வேறு விஷயம்.

சப்ளையரின் முதலாளியை சிசியில் போடலாமா? போட்டால்தான் நகர்கிறார்கள்.

போடலாம், சத்தமில்லாமல் போடாதீர்கள். சொல்லாமல் ஒரு பெயரைச் சேர்ப்பது எழுத்தே இல்லாத குத்தல். "லைன் நிற்கும் நிலை இருப்பதால் சாரையும் இதில் சேர்த்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதை எழுதக் கூச்சமாக இருந்தால், சிசி போடும் நேரம் இன்னும் வரவில்லை.

எங்கள் டையிங்காரர் என்னைவிட ரொம்ப மூத்தவர். எப்போதும் "அண்ணா, நீங்க" என்றுதான் பேசுவேன். மெயிலில் மட்டும் "தாங்கள்" என்று எழுதினால் மரியாதைதானே?

தினமும் "நீங்க" கேட்டுப் பழகியவருக்குத் திடீரென்று "தாங்கள்" வந்தால், கோபமாக இருக்கிறாய் என்று அவருக்குப் புரிந்துவிடும். வீட்டில் சண்டை வந்தால் பேச்சில் மரியாதை கூடிவிடுமே, அந்த மாதிரி. "அண்ணா" என்றே தொடங்கி "நீங்கள்" என்றே எழுதுங்கள். "அண்ணாவுக்கு நினைவில்லை போல" என்று படர்க்கைக்கு மட்டும் தாவிவிடாதீர்கள்.

25 வருடமாக ஃபேப்ரிக் வாங்குகிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் படித்தவர்களுக்கு. குரல் உயர்த்தினால்தான் இங்கே துணி வரும்.

சில இடங்களில் வரும், மறுக்கவில்லை. நான் எடுக்கச் சொல்வது குத்தலை, கண்டிப்பை அல்ல. மூன்றாவது தடவையும் தேதி தவறினால், "18ஆம் தேதிக்குள் துணி வராவிட்டால் கப்பலைத் தவறவிடுவோம். பையர் ஏர் ஷிப்மென்ட் கேட்டால் அந்தச் செலவுக்கு டெபிட் நோட் போட வேண்டியிருக்கும்" என்று எழுதலாம். சத்தத்தைவிட இது கனமானது. நாளைக்குக் கணக்கு பேசும்போது கையில் இருப்பதும் இந்த மெயில்தான். ஆனால் போடப்போவதில்லை என்றால் எழுதாதீர்கள். பில்லில் பிடித்தம் உண்டு என்று முன்பே பேசிக்கொள்ளாத இடத்தில் இது எவ்வளவு செல்லும் என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது.

செல்லாது. அடுத்த ஆர்டரை எடுக்கவே மாட்டான்.

இருக்கலாம். சீசன் நேரத்தில் டையிங் கிடைப்பதே பெரிய பாடு, அப்போது நான்கூட யோசிப்பேன்.

மெயிலை யார் பார்க்கிறார்கள்? எல்லாம் வாட்ஸ்அப்தான். என் பழைய மெசேஜையே ரிப்ளை செய்து ஒரு கேள்விக்குறி போடுவேன். தப்பா?

"ப்ளூ டிக் பார்த்தேன், பதில் இல்லை" என்பதைத்தான் அந்தக் கேள்விக்குறி சொல்கிறது. பழைய மெசேஜை மேற்கோள் காட்டுவதில் தப்பில்லை, விவரம் தேட வேண்டியதில்லை. கீழே ஒரு வரி சேருங்கள்: "அண்ணா, இந்த 6,000 லேபிள் நாளை மாலைக்குள் வருமா? இல்லையென்றால் என்றைக்கு? 4 மணிக்கு லைன் பிளான் போடணும்." 4 மணி வரை பதில் இல்லையென்றால் ஃபோன் போடுங்கள், இன்னொரு கேள்விக்குறி வேண்டாம்.