நாலு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் என்ன?

கேள்வி: எனக்கு வயது 36, தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மதியம் 1 மணிக்குச் சாப்பாடு. 4 மணி ஆனால் கண் சொக்குகிறது, வயிறும் கேட்கிறது. டீயோடு ஐந்தாறு பிஸ்கட், சில நாள் கேண்டீன் பஜ்ஜி என்று போகிறது. பழம் கொண்டுபோய்ப் பார்த்தேன்; அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. வீடு திரும்ப 7.30 ஆகும். காலையில் சமைக்க நிறைய நேரமும் இல்லை. என்ன எடுத்துப்போகலாம்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை கொஞ்சம் மந்தமாக இருப்பது உடலின் இயல்பு. எதைச் சாப்பிட்டாலும் அது முழுதாகப் போய்விடாது. ஆனால் உங்கள் பசிக்கு வழி இருக்கிறது. பிஸ்கட், பழம் இரண்டிலும் புரதம் மிகக் குறைவு. அதனால்தான் அவை வயிற்றில் நிற்பதில்லை. உங்களுக்கு நான் சொல்வது கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். ஆறு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 150 கலோரி, புரதம் 2 கிராம் அளவுதான். 40 கிராம் கடலையை வேகவைத்தால் கலோரி அதே அளவு. புரதமோ 7 கிராமுக்கு மேல், நார்ச்சத்தும் நிறைய. 7.30 மணி வரை தாங்கும்.

வாரத்தில் இரண்டே நாள் வேகவைத்தால் போதும். ஞாயிறு காலை 120 கிராம் கடலையை ஊறப்போடுங்கள். இரவு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் உப்பும் சேர்த்து குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். ஒரு கடலையை விரலால் நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும். நடுவில் கடினமாக இருந்தால் இன்னும் இரண்டு விசில். அரைவேக்காட்டுக் கடலைதான் வயிற்றை உப்ப வைக்கும். தண்ணீரை நன்றாக வடித்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். திங்கள், செவ்வாய், புதனுக்கு ஆயிற்று. புதன் இரவு வியாழன், வெள்ளிக்காக 80 கிராம். காலையில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அன்றைக்குரிய பங்கைப் போட்டு ஈரம் வற்றும்வரை பிரட்டினால் ஐந்து நிமிட வேலை.

தேங்காய் மட்டும் வேண்டாம். சுண்டல் மாலைக்குள் ஊசிப்போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வெங்காயம், மாங்காய் ஆசையாக இருந்தால் தனி டப்பாவில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள். சூட்டோடு டப்பாவை மூடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். அலுவலகத்தில் போனவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே ஃபிரிட்ஜ் இல்லையென்றால் சுண்டலே வேண்டாம், கீழே சொல்லும் வறுகடலைதான் சரி. எப்படி வைத்திருந்தாலும் கடலை கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ லேசாகப் புளித்த வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

டீயை விட வேண்டாம், சர்க்கரையை மட்டும் பாதியாக்குங்கள். ஆனால் சுண்டலையும் டீயையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள். கடலையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். 3 மணிக்கு டீ, 4 மணிக்கு எலுமிச்சை பிழிந்த சுண்டல் என்று மாற்றிப் பாருங்கள். எலுமிச்சை அந்த இரும்புச்சத்தைச் சேர்க்க உதவும். நம் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

சுண்டல் செய்ய முடியாத நாளுக்கு மேஜை டிராயரில் ஒரு பாட்டில் பொட்டுக்கடலையோ தோலோடு வறுத்த வேர்க்கடலையோ இருக்கட்டும். அளவு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். வேர்க்கடலையில் அந்த ஒரு பிடியே 170 கலோரி. பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் அளவு தெரியாமல் போய்விடும், அதனால் கிண்ணத்தில் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள். காறல் வாடையோ கசப்போ தெரிந்தால் சாப்பிட வேண்டாம். மாவு பூசிய மசாலா கடலை இதில் சேராது, அது எண்ணெயில் பொரித்தது. கோதுமை, ஓட்ஸ் என்று அட்டையில் போட்ட பிஸ்கட்டை வாங்கும்முன் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிடுவார்கள். முதல் மூன்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால் அது பழைய பிஸ்கட்தான்.

கடலை பழகாதவர் என்றால் முதல் வாரம் பாதி அளவு எடுங்கள், அல்லது பாசிப்பயறில் தொடங்குங்கள். அது வயிற்றுக்கு லேசு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம். ஒரு மாதம் இப்படிச் சாப்பிட்டு, இரவு ஏழு மணி நேரம் தூங்கியும் அதே சோர்வு இருந்தால், பலகாரத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் ஹீமோகுளோபின், தைராய்டு, ரத்தச் சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.