கொசுவுக்கு உங்கள் ரத்த குரூப் தெரியாது

கேள்வி: நானும் என் கணவரும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். காலையில் எழுந்தால் என் கை கால் முழுக்கத் தடிப்பு. அவர் மேல் ஒரு புள்ளிகூட இருக்காது. எனக்கு ஓ பாசிட்டிவ். "உன் ரத்தம் இனிப்பு" என்று கேலி செய்கிறார். பூண்டு, வைட்டமின் பி மாத்திரை எல்லாம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கொசு ஏன் என்னை மட்டும் தேடி வருகிறது?

பதில்: இனிப்பா கசப்பா என்று தெரிய வேண்டுமானால் கொசு முதலில் குடித்தாக வேண்டும். அதற்குள் கடித்து முடித்திருக்கும். தோலுக்கு வெளியே பறந்துகொண்டே உள்ளே ஓடும் ரத்தத்தை ருசி பார்க்கும் வித்தை எந்தக் கொசுவுக்கும் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் கேட்டுவிடுகிறேன். உங்கள் கணவரைக் கொசு கடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? தடிப்பு இல்லை என்பதை வைத்துத்தானே? தடிப்பு என்பது கொசு ஊசி போட்ட இடமல்ல. அது செலுத்திய எச்சிலுக்கு உங்கள் உடம்பு காட்டும் ஒவ்வாமை. இந்த ஒவ்வாமை ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே வயதோடு மாறும். முதன்முதலாக ஒரு வகைக் கொசு கடிக்கும்போது பெரும்பாலும் எதுவும் தெரியாது. பல முறை கடிபட்ட பிறகு, மறுநாள் வரை நமைக்கும் தடிப்பு வரும். இன்னும் பல காலம் கடிபட்டவருக்குக் கடித்த சில நிமிடங்களில் வெளிறிய வீக்கம் எழுந்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கடைசியில் சிலருக்கு எதுவுமே வராது. உங்கள் கணவர் இந்தக் கடைசி இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றில் இருந்தால், இரவில் பத்து கடி வாங்கியிருந்தாலும் காலையில் வழவழப்பாகத்தான் எழுவார். ஆகவே காலையில் தடிப்பை எண்ணாதீர்கள். மாலையில் இருவரும் முழுக்கை, முழுக்கால் உடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யார் மேல் எத்தனை கொசு வந்து உட்காருகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் கழித்து இடம் மாறி உட்கார்ந்து மறுபடியும் எண்ணுங்கள். இடம் மாறியும் கொசு உங்களிடமே வந்தால்தான் உங்கள் புகாரை நான் ஏற்க முடியும்.

சரி, ஏற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். பெண் கொசு உங்களிடம் வந்து சேரும் பாதையைப் பார்த்தால், எந்த இடத்தில் நீங்களும் அவரும் வேறுபடுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

தொலைவில் இருக்கும்போது அதற்குத் தெரிவது மூச்சுக்காற்று. வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. அந்தக் காற்று கலையாமல் திட்டுத் திட்டாக மிதந்து போகிறது. கொசுவின் உறிஞ்சுகுழலுக்கு இரு பக்கமும் குட்டையாக ஒரு ஜோடி உணர்கொம்புகள் இருக்கின்றன. திட்டு அவற்றில் பட்டதும் காற்று வரும் திசையை எதிர்த்து முன்னேறும். திட்டு தவறிப்போனால் இடமும் வலமுமாக அலைந்து அடுத்ததைப் பிடிக்கும். காற்றோட்டம் சரியாக அமைந்தால் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்தே இது நடக்கும். பெரிய உடம்புக்காரர், உடற்பயிற்சி முடித்து மூச்சு வாங்குபவர், கர்ப்பிணி ஆகியோர் கூடுதல் மூச்சு விடுவதால் அவர்கள் பக்கம் கூடுதல் கொசு வரும். காம்பியாவில் நடந்த ஓர் ஆய்வில், மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுக்கள் கர்ப்பிணிகளிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தன. அந்தப் பெண்கள் 21 சதவீதம் அதிகமாக மூச்சு வெளியிட்டார்கள்; வயிற்றுப் பகுதியின் சூடும் 0.7 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது.

ஆனால் உங்கள் வழக்கில் மூச்சைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே கட்டிலில் படுத்திருப்பவர்களின் மூச்சு கலந்து ஒரே புகைபோல்தான் கொசுவைப் போய்ச் சேர்கிறது. அறைக்குள் வரவழைப்பது இருவரின் மூச்சும் சேர்ந்துதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு படுப்பதும் உதவாது: சில நொடி நேரத் தூண்டலே கொசுவைப் பத்து நிமிடத்துக்கும் மேலாகத் தேடல் வெறியில் வைத்திருக்கும்.

சூட்டிலும் பெரிய வித்தியாசம் வராது. தோலிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்று சில அங்குல தூரத்தில்தான் கொசுவுக்குத் தெரியும். தோல் வீசும் அகச்சிவப்புக் கதிரையும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு உணர்கிறது என்று 2024-இல் கலிஃபோர்னியாவில் காட்டினார்கள். அதன் எல்லை சுமார் 70 சென்டிமீட்டர். அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: கதிரை மட்டும் காட்டினால் கொசு திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சும் மனித வாடையும் கூடவே இருந்தபோதுதான் வந்தது. அதாவது சூடு உட்காரும் இடத்தைக் காட்டுமே தவிர, ஆளைத் தேர்ந்தெடுக்காது.

மிச்சம் இருப்பது தோல் வாடை. உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான்.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வாஸ்ஹால் குழுவினர் 64 பேரின் முன்கையில் நைலான் காலுறையை மாட்டி, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வீதம் அணியச் செய்தார்கள். பிறகு இருவருடைய காலுறைத் துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் வைத்து, ஏடிஸ் எஜிப்தி கொசுக்களைத் திறந்துவிட்டு, எந்தப் பக்கம் எத்தனை போகிறது என்று எண்ணினார்கள். அங்கே ஆள் இல்லை, உடல் சூடு இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. தோலின் வாடை ஏறிய துணி மட்டும்தான். அப்படியிருந்தும் 33-ஆம் எண் நபரின் துணி மோதிய எல்லாப் போட்டியிலும் ஜெயித்தது. அடுத்த இடத்தில் இருந்தவரைவிட அவருடைய கவர்ச்சி நான்கு மடங்கு. கடைசியில் இருந்த 19-ஆம் எண் நபரைவிட நூறு மடங்குக்கும் மேல். 2022-இல் வெளியான இந்த ஆய்வு மூன்று ஆண்டு நீடித்தது. இடையில் அவர்கள் எதைச் சாப்பிட்டிருந்தாலும், எந்த சோப்பு போட்டிருந்தாலும், வரிசை பெரிதாக மாறவில்லை.

கொசு விரும்பியவர்களின் தோலில் எது கூடுதல் என்று பார்த்தபோது அகப்பட்டவை கார்பாக்சிலிக் அமிலங்கள். தோலைப் பதமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பசையில் இவை உண்டு. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் இவற்றைத் தின்று, இன்னும் வாடையுள்ள பொருட்களாக மாற்றுகின்றன. வியர்வையின் லாக்டிக் அமிலமும் அம்மோனியாவும் இதோடு சேர்ந்தால் மனித வாடை தயார். பாக்டீரியாக்களின் கணக்கிலும் ஒரு விசேஷம் இருக்கிறது: நெதர்லாந்தில் 48 ஆண்களின் பாதத்தைச் சோதித்தபோது, கொசு விரும்பியவர்களிடம் பாக்டீரியா எண்ணிக்கை அதிகம், வகைகளோ குறைவு. பல வகை குடியிருந்தவர்களைக் கொசு அவ்வளவாகச் சீண்டவில்லை.

இந்த வாடை பெரும்பாலும் பிறப்போடு வருவது. 2015-இல் லண்டனில் இரட்டைச் சகோதரிகளின் கையைக் கொசுவுக்குக் காட்டிப் பார்த்தார்கள். ஒரே கருவில் பிரிந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொசுவை இழுத்தார்கள். தனித்தனிக் கருவில் வந்தவர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. பூண்டும் பி மாத்திரையும் ஏன் பலிக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். இரண்டையும் முறையாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள், பலனில்லை.

ஓ குரூப் விஷயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் ஜப்பானில் 64 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஓ குரூப்காரர்கள் மேல் அதிகக் கொசு உட்கார்ந்தது உண்மை. ஆனால் புள்ளியியல் கணக்கில் நின்றது ஓ-வுக்கும் ஏ-வுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும். பி, ஏபி குரூப்காரர்களோடு ஒப்பிட்டபோது நிற்கவில்லை. ஒரே ஒரு கொசு வகையை வைத்துச் செய்த அந்தச் சின்னச் சோதனைதான் இன்றுவரை ஃபார்வர்டு ஆகிக்கொண்டிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. வாடையை மாற்ற முடியாது. அது கொசுவைப் போய்ச் சேராமல் செய்யலாம். மின்விசிறியைக் கட்டிலின் கால்மாட்டில், படுத்திருக்கும் உயரத்துக்கு வைத்து உடம்பின் நீளவாட்டில் ஓடவிடுங்கள். மூச்சும் வாடையும் திட்டாக நிற்காமல் சிதறும்; கொசுவாலும் அந்தக் காற்றை எதிர்த்து ஒழுங்காகப் பறக்க முடியாது. காற்று படாத மறைவில், உதாரணமாக விசிறிக்கு எதிர்ப்புறம் இருக்கும் முதுகில், இது பலிக்காது. கொசுவலை கட்டினால் கை, முழங்கால் வலையில் ஒட்டாத அளவுக்கு அகலமாக இருக்கட்டும். ஒட்டிய இடத்தில் வலைக்கு வெளியே இருந்தே குத்திவிடும்.

பூசும் மருந்தில் பெயரைவிட மூலப்பொருளைப் பாருங்கள். டீட் 20 முதல் 30 சதவீதம், அல்லது பிகாரிடின் 20 சதவீதம். 2002-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் 23.8 சதவீத டீட் சராசரியாக ஐந்து மணி நேரம் காத்தது. மணிக்கட்டில் மாட்டும் வளையங்கள் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. பூசியும் கடிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, வியர்த்துப் போனபின் மறுபடி பூசுவதில்லை. இரண்டு, அங்கங்கே தொட்டு வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். டீட் தோலை ஒட்டிய இடத்தில்தான் காக்கும். உட்கார்ந்த கொசு அதைக் காலால் உணர்ந்துதான் எழுந்து ஓடுகிறது. கணுக்காலின் பின்புறமோ காது மடலோ விட்டுப்போனால் கடி அங்கே விழும். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் முதலில், மருந்து அதன் மேல். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பதால் மூக்குக்கண்ணாடியில் படவிடாதீர்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு டீட் கூடாது, வலைதான்.

நீங்கள் மட்டும் பூசிக்கொண்டால் அறையில் இருக்கும் கொசு பட்டினி கிடக்காது, பக்கத்தில் இருப்பவரிடம் போகும். அவருக்குத் தடிக்கவில்லை என்பதால் டெங்கு வைரஸ் ஏறாமல் இருந்துவிடாது. ஏடிஸ் பகலில் கடிப்பது, அதனால் இரவுக்கு மட்டும் என்று இருவரும் ஒதுக்கி வைக்காதீர்கள், பகலிலும் பூசிக்கொள்ளுங்கள்.