மினிட்ஸ் எழுதியும் வேலை நகரவில்லையா? கேள்வி பதில்

எங்கள் புராஜெக்ட் குழு கூடும்போதெல்லாம் கூட்டத்தில் நடந்ததை மினிட்ஸாக வாராவாரம் மூன்று பக்கம் எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை. போன வாரத்தில் ஒரு பகுதி: "சென்சார் பற்றி விரிவாக விவாதிக்கப்பட்டது. அருண் கெபாசிட்டிவ் வகை நல்லது என்றார். விரைவில் சோதித்துப் பார்க்கலாம் என்ற கருத்து எழுந்தது." இதில் என்ன குறை?

கருத்து எழுந்தது சரி, எழுந்து எங்கே போனது? சென்சாரை மாற்றுவதென்று முடிவானதா, சோதித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானதா? கூட்டத்துக்கு வராத ஒருவரால் இதைப் படித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதுதான் நடந்தது என்று வைத்துக்கொண்டு மாற்றி எழுதுகிறேன்.

> முடிவு: செடிக்குத் தண்ணீர் விடும் கருவியில் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சாரை மாற்றுவதா என்பதை, இரண்டு வகையையும் சோதித்த பின் மார்ச் 15 கூட்டத்தில் தீர்மானிப்போம். காரணம்: இப்போதுள்ள ரெசிஸ்டிவ் சென்சாரின் முள் மண்ணில் அரித்துப்போவதால் அளவீட்டை நம்ப முடியவில்லை.
>
> வேலை: இரண்டு சென்சாரையும் ஒரே தொட்டியில் 24 மணி நேரம் வைத்து, 10 நிமிடத்துக்கு ஒரு அளவீடு எடுத்து, அந்தக் கோப்பைக் குழுவின் டிரைவில் ஏற்றுவது.
> பொறுப்பு: நிவேதா. கெடு: மார்ச் 13, மாலை 6 மணி.

வேலை எந்த வினையில் முடிகிறது என்று பாருங்கள். "ஏற்றுவது" என்றால் 13ஆம் தேதி மாலை டிரைவைத் திறந்து கோப்பு இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்த்துவிடலாம். "சென்சார் வேலையைக் கவனிப்பது" என்று எழுதியிருந்தால் நிவேதா கவனித்தேன் என்பார், மற்றவர்கள் இல்லை என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

யார் என்ன சொன்னார்கள் என்பதும் வேண்டும்தானே? பின்னால் "நான் அப்பவே சொன்னேன்" என்று யாராவது வந்தால் ஆதாரம் வேண்டாமா?

பாதி சரி. முடிவை எதிர்த்து ஒருவர் சொன்ன காரணம் பின்னால் உதவும் என்றால் ஒரு வரியில் எழுதுங்கள்: "கெபாசிட்டிவ் சென்சாரையும் நம் மண்ணுக்கு ஏற்ப அளவு சரிபார்க்க வேண்டும், அதற்கு நேரம் போதாது என்பது மறுப்பு." மற்ற பேச்சையெல்லாம் விட்டுவிடலாம். பேசியதை முழுதும் எழுதப் போனால் முடிவு எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டிவரும்.

நாங்கள் எப்போதும் "பொறுப்பு: அருண், நிவேதா, மற்றும் குழு" என்றுதான் போடுவோம். நான்கு பேருமே சேர்ந்துதானே செய்கிறோம்?

செய்பவர் நான்கு பேராக இருக்கட்டும், பெயர் ஒன்றாக இருக்கட்டும். "அருண் (உதவி: நிவேதா)" என்று எழுதினால், முடியாவிட்டால் கேள்வி யாரிடம் போகும் என்பது தெரியும். "குழு" என்று எழுதிய வேலையை அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் கூட்டத்துக்கே வருவதில்லை. அவர் தலையில் எல்லா வேலையையும் கட்டிவிடலாமா?

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் மினிட்ஸ் தண்டனை கொடுக்கும் இடமில்லை. வராதவர் பெயரைப் போட்டால் பக்கத்தில் "ஒப்புதல் வரவேண்டும்" என்று எழுதி, அன்றைக்கே அவரிடம் கேளுங்கள். மறுநாளுக்குள் சரி என்று சொல்லாவிட்டால் வேறு ஒருவருக்கு மாற்றிவிடுங்கள். தொடர்ந்து வராமல் இருப்பதைப் பற்றி புராஜெக்ட் கைடிடம் தனியாகப் பேச வேண்டும். அப்போது வருகைப் பதிவு உதவும்.

கெடு என்றால் "அடுத்த கூட்டத்துக்குள்" என்று போட்டால் போதாதா? எப்படியும் வாரம் ஒருமுறை சந்திக்கிறோம்.

போதாது. கூட்டம் தள்ளிப்போனால் கெடுவும் கூடவே தள்ளிப்போகும். இன்னொன்று, கூட்டத்தன்று காலையில் வரும் அளவீட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டத்திலேயே உட்கார்ந்து பார்ப்பீர்கள், முடிவு இன்னொரு வாரம் போகும். மேலே கூட்டம் 15, கெடு 13 என்று வைத்தது அதற்காகத்தான்.

முடியாத வேலைக்குத் தேதியை மாற்றி புது மினிட்ஸில் போட்டுவிடுகிறேன். சரியா?

பழைய தேதியை அழிக்காதீர்கள். "கெடு: மார்ச் 13 → 20. காரணம்: சென்சார் வந்து சேரவில்லை" என்று எழுதுங்கள். ஒரே வரியில் மூன்று தேதி சேர்ந்துவிட்டால் ஆளைக் குறை சொல்வதற்கு முன் வேலையைப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒருவர் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய அளவில் இருக்காது. அதை உடைத்து, முதல் துண்டுக்கு மட்டும் கெடு வையுங்கள்.

மினிட்ஸ் அனுப்பிய மறுநாள் கைடு "சோதனையெல்லாம் வேண்டாம், நேராக மாற்றிவிடுங்கள்" என்றார். அனுப்பியதைத் திருத்தட்டுமா?

திருத்த வேண்டாம். அன்று கூட்டத்தில் நடந்தது அதுதான். குழுவுக்கு உடனே சொல்லிவிட்டு, அடுத்த மினிட்ஸின் முதல் முடிவாக "முந்தைய முடிவு கைவிடப்பட்டது, கைடின் அறிவுரைப்படி" என்று எழுதி, நிவேதாவின் வேலையை "ரத்து" என்று குறியுங்கள். கைடு சொன்னது அப்படியே முடிவாகிவிடுமா, குழு கூடி ஏற்ற பிறகுதான் முடிவா என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி. உங்கள் கைடு எந்தக் கட்சி என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.