வாக்ஸ் தடவிய தலையில் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 24. முடி கலையாமல் நிற்க தினமும் வாக்ஸ் தடவுகிறேன். இரண்டு முறை ஷாம்பு போட்டாலும் பிசுபிசுப்பு போவதில்லை. நெற்றியில், முடியோரமாகச் சின்னச் சின்னப் பருக்கள். ஜெல்லுக்கு மாறிப் பார்த்தேன், தோளெல்லாம் வெள்ளைத் துகள். பொமேட் நல்லதா டாக்டர்?

பதில்: அந்த வெள்ளைத் துகளில் இருந்து தொடங்குகிறேன். ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். நீர் காய்ந்ததும் அதிலுள்ள பாலிமர் மெல்லிய ஏடாக இறுகி முடிகளைப் பிடித்துக்கொள்ளும். பிடி வலுவானது, ஆனால் விறைப்பானது. காய்ந்த பிறகு சீவினால் ஏடு உடைந்து உதிரும். பலர் இதைப் பொடுகு என்று நினைத்து, தேவையில்லாமல் மருந்து ஷாம்பு போடுகிறார்கள். நான்கைந்து துகள்களை உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டு நீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழவழத்துக் கரைந்தால் ஜெல். கரையாமல் நின்றால் பொடுகாக இருக்கலாம்.

வாக்ஸ் வேறு மாதிரி. காய்ந்து இறுகாது, அதனால் பகலில் எத்தனை முறை கோதினாலும் முடியைத் திரும்பப் படிய வைக்கலாம். ஆனால் அதிலுள்ள தேன்மெழுகு நீரில் கரையாது. உருகுவதற்கும் 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். தலை தாங்கும் வெந்நீர் அதன் பக்கத்தில்கூட வராது. வெந்நீர் ஊற்றித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

மெழுகை இளக்க எண்ணெய்ப்பசை வேண்டும். உலர்ந்த முடியிலேயே ஒரு தேக்கரண்டி எண்ணெயோ, சற்றுத் தாராளமாகக் கண்டிஷனரோ தடவி மூன்று நிமிடம் விடுங்கள். அதன் மேலேயே, தண்ணீர் சேர்க்காமல், ஷாம்பு போட்டுப் பிசையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்து நுரைக்கவிட்டு அலசி, இன்னொரு முறை ஷாம்பு போடுங்கள். முதலில் தலையை நனைத்துவிட்டால் ஷாம்பு நீர்த்துப்போய், மெழுகின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான்.

பொமேட் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கின்றன. பெட்ரோலேட்டம், லனோலின் சேர்ந்த பழைய வகை நல்ல பளபளப்புத் தரும். ஜெல், வாக்ஸ், பொமேட் மூன்றிலும் கழுவுவதற்குப் பிடிவாதமானது அதுவே. நீர் சார்ந்த வகை ஜெல்லைப் போல எளிதில் போய்விடும். பட்டாணி அளவு கையில் தேய்த்துக் குழாயில் காட்டுங்கள். பாலாகக் கரைந்து ஓடினால் நீர் சார்ந்தது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் வகை. அது உங்களுக்கு வேண்டாம்.

நெற்றிப் பருக்களுக்குத் தோல் மருத்துவத்தில் 'பொமேட் முகப்பரு' என்றே பெயர் உண்டு. எண்ணெய்ப்பசை முடியோரத் துளைகளை அடைப்பதால் வருவது. வாக்ஸை நிறுத்திவிட்டு, நீர் சார்ந்த பொமேட்டைப் பட்டாணி அளவு மட்டும், முடியோரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, முடியில் படும்படி பூசுங்கள். தோலில் தேய்க்க வேண்டாம். இரவு கழுவிவிட்டுப் படுங்கள், தலையணை உறையையும் மாற்றுங்கள். பருக்கள் மறையப் பல வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று கவலைப்படாதீர்கள். இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தாலோ, நடுவில் சீழ் பிடித்தாலோ, தலையில் சிவந்து மஞ்சள் செதில் படிந்து அரித்தாலோ, தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். போகும்போது நீங்கள் பூசும் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.