ஒருவரைக் குணமாக்க 7,000 ரூபாய் என்ற கணக்கு சரிதானா?

கேள்வி: "அம்பாசமுத்திரம் பக்கம் இரண்டு பி.எச்.சி.களில், மனச்சோர்வு உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிக்க எங்கள் டிரஸ்ட் ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமித்திருக்கிறது. மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை வந்து கேஸ்களைப் பார்க்கிறார். ஒரு வருடத்தில் 120 பேர், செலவு 4,20,000 ரூபாய். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 60 பேருக்கு மதிப்பெண் 5க்குக் கீழே வந்துவிட்டது, 28 பேர் மறுபரிசோதனைக்கே வரவில்லை. ஆக ஒருவருக்கு 7,000 ரூபாய். திட்டம் இல்லாத பக்கத்து பி.எச்.சி.களிலும் 90 பேருக்கு மதிப்பெண் எடுத்து வைத்திருக்கிறோம், அதில் 30 பேர் 5க்குக் கீழே. பணம் தரும் அண்ணாச்சி, 'இது கட்டுபடியாகுமா? டாக்டர் ஃபீஸைக் குறைத்தால் என்ன? சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் என்கிறார்களே, அதைப் போட்டுக் கொண்டாங்க' என்கிறார். எங்கே ஆரம்பிப்பது?"

முதலில் அந்த 7,000ஐ அடித்துவிடுங்கள். மனச்சோர்வு பலருக்குத் தானாகவும் தணியும், பி.எச்.சி. டாக்டர் எழுதித் தரும் சாதாரண மாத்திரையிலும் தணியும். கோவாவில் நடந்த மானஸ் ஆய்வில் (2010), அரசு சுகாதார நிலையங்களில் ஆலோசகர் கவனித்தவர்களில் சுமார் 66 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் தேறினார்கள். ஆலோசகர் இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிலோ 42 சதவீதத்துக்கு மேல் தேறினார்கள். ஆகவே எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்டால் போதாது, திட்டம் இல்லாவிட்டால் தேறியிருக்க மாட்டார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் அந்த 90 பேர் இதற்குத்தான் பயன்படுவார்கள். அங்கே மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார் என்றால், உங்கள் 120 பேரிலும் 40 பேர் எப்படியும் தேறியிருப்பார்கள். திட்டத்தால் வந்த கூடுதல் பலன் 20 பேர். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் தொடக்க மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். உங்களிடம் வந்தவர்கள் 15லும் அவர்கள் 11லும் ஆரம்பித்திருந்தால் இந்த ஒப்பீடு நிற்காது.

செலவிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 4,20,000 என்பது டிரஸ்ட் கையிலிருந்து போனது. மாத்திரையும் பி.எச்.சி. டாக்டரின் கூடுதல் நேரமும் உங்களுக்கு இலவசமாக இருக்கலாம், அரசுக்கு இலவசம் இல்லை. ஒரு நோயாளிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் மருந்துப் பதிவேட்டைப் பார்த்து நீங்களே சரியாகப் போடுங்கள்). மொத்தம் 4,80,000, ஒருவருக்கு 4,000. இருபது பேருக்கு வகுத்தால், கூடுதலாகத் தேறிய ஒருவருக்கு ஆகும் செலவு 24,000 ரூபாய். அண்ணாச்சி முகம் சுளிப்பார், ஆனால் இதுதான் நேர்மையான எண்.

இதோடு நிறுத்தினால் திட்டத்துக்கு அநியாயம் செய்ததாகிவிடும். 16லிருந்து 8க்கு வந்த ஒருவர் 'தேறாதவர்' பட்டியலில் விழுந்துவிடுகிறார், இரண்டாம் மாதத்தில் தேறியவரும் பதினோராம் மாதத்தில் தேறியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அதனால் 'மனச்சோர்வு இல்லாத நாட்களை' எண்ணுவார்கள். 5க்குக் கீழே இருந்தால் முழு நாள், 15க்கு மேல் போனால் பூஜ்யம், நடுவில் விகிதப்படி. முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு பெண்மணி 16ல் ஆரம்பித்து, மூன்றாம் மாதம் 10, ஆறாம் மாதம் 4 என்று இறங்கி அப்படியே இருக்கிறார் என்று வையுங்கள். முதல் 90 நாளில் அவர் பூஜ்யத்திலிருந்து அரை நாள் வரை ஏறுகிறார், சராசரி கால், ஆக 22.5 நாள். அடுத்த 90ல் சராசரி முக்கால், 67.5 நாள். மிச்சம் 185ம் முழுசு. கூட்டினால் 275. இப்படி ஒவ்வொருவருக்கும் போட்டு, இரண்டு குழுவின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். மேலே சொன்ன தேறியவர் விகிதத்தை வைத்துப் பார்த்தால் 60 நாள் போல வரலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். முதியோரிடம் நடந்த அமெரிக்காவின் இம்பாக்ட் ஆய்வில் இரண்டு வருடத்துக்கு 107 நாள் கூடுதலாகக் கிடைத்தது, ஆகவே 60 நம்பமுடியாத எண் இல்லை.

4,000ஐ 60ஆல் வகுத்தால், மனச்சோர்வு இல்லாத ஒரு கூடுதல் நாளுக்கு 67 ரூபாய். அண்ணாச்சிக்கு இந்த எண்ணே புரியும். சர்க்கரை நோய், டி.பி. போன்ற வேறு திட்டங்களோடு ஒப்பிட வேண்டுமென்றால்தான் குவாலி தேவை, அதாவது முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்த ஒரு வருடம். மனச்சோர்வு விலகினால் முழு ஆரோக்கியத்தை ஒன்று என்று வைத்தால் வாழ்க்கைத் தரம் 0.2 முதல் 0.4 வரை கூடுகிறது என்று எடுப்பது வழக்கம், இதுதான் வாழ்க்கைத் தர எடை. நடுவில் 0.3 வைத்தால், 60ஐ 365ஆல் வகுத்து 0.3ஆல் பெருக்க, 0.049 குவாலி. ஒரு குவாலிக்குச் சுமார் 81,000 ரூபாய். நம் நாட்டில் தலா உள்நாட்டு உற்பத்தியை அளவுகோலாக வைப்பார்கள், அது 2 லட்சத்துக்கு மேல், கறாராக 2 லட்சம் என்றே வைப்போம். அதற்குள் அடங்குகிறது. ஆனால் இந்த அளவுகோல் ஒரு தேசத்துக்கானது. ஒரு டிரஸ்ட்டின் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இனி அண்ணாச்சி கேட்ட சென்சிட்டிவிட்டி. ஒரு எண்ணை மட்டும் அசைத்து, மற்றதை அப்படியே வைத்து, 81,000 எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அதன் முதல் படி. வாழ்க்கைத் தர எடையை 0.2 ஆக்கினால் 1,22,000, 0.4 ஆக்கினால் 61,000. நாள் வித்தியாசம் 60க்குப் பதில் 30தான் என்றால் 1,62,000. 120 பேருக்குப் பதில் 60 பேர்தான் சேர்ந்திருந்தால் 1,52,000, ஏனென்றால் ஒருங்கிணைப்பாளர் சம்பளமும் மருத்துவர் ஃபீஸும் பயிற்சியும் எத்தனை பேர் வந்தாலும் அதேதான், தலைக்கு 3,500 என்பது 7,000 ஆகிவிடும். அரசின் மருந்து, டாக்டர் நேரச் செலவை இரட்டிப்பாக்கினாலோ வெறும் 91,000. பெரிதாக ஆடும் எண்களை மேலேயும் சின்னதாக ஆடுபவற்றைக் கீழேயும் பட்டைகளாக வரைந்தால் சூறாவளி வரைபடம் கிடைக்கும், அறிக்கையில் அந்த ஒரு படம் போதும்.

டாக்டர் ஃபீஸ் விஷயத்துக்கு வருவோம். வாரம் ஒரு அமர்வு, வருடத்தில் 50, அமர்வுக்கு 2,400 என்றால் 1,20,000 ஆகிறது. அதைப் பாதியாக்கினால் தலைக்கு 500 மிச்சம், குவாலிக்கு 81,000 என்பது 71,000 ஆகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறையின் உயிரே அந்த வாராந்தர அமர்வில்தான் இருக்கிறது. பதிவேட்டைத் திறந்து, மதிப்பெண் இறங்காதவர்களை மட்டும் எடுத்து, மருந்தின் அளவைக் கூட்டவோ மாற்றவோ முடிவெடுப்பது அங்கேதான். அது மாதம் இரண்டாகக் குறைந்தால் மாறாத சிகிச்சையில் ஆட்கள் தேங்கிவிடுவார்கள். பலன் 60 நாளிலிருந்து 50 நாளுக்கு இறங்கினாலே குவாலிக்கு 85,000 ஆகிவிடும், மிச்சம் பிடித்ததெல்லாம் போய் அதற்கு மேலும் நஷ்டம். உங்கள் ஃபீஸ் வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், முடிவு பெரும்பாலும் இதே பக்கம்தான் சாயும். குறைக்க வேண்டிய இடம் அதுவல்ல. ஒருங்கிணைப்பாளரின் பட்டியலை நிரப்புவதில்தான் பலன் இருக்கிறது, அதுவும் ஓர் எல்லை வரைதான். 180 பேரை ஏற்றினால் காகிதத்தில் 57,500 வரும், ஆனால் போன் செய்து விசாரிக்க நேரம் இல்லாமல் 60 நாள் பலன் கரையும். அதனால் ஆள் எண்ணிக்கையையும் நாள் பலனையும் தனித்தனியாக மட்டும் அசைக்காமல் சேர்த்தும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். 60 பேர், 30 நாள் என்று இரண்டும் சேர்ந்தால் 3 லட்சத்தைத் தாண்டிவிடும்.

தலைகீழாகவும் கேட்கலாம்: 2 லட்சத்துக்குள் நிற்க எத்தனை நாள் பலன் போதும்? 120 பேர் இருந்தால் 25 நாள் போதும், 60 பேர்தான் என்றால் 46 நாள் வேண்டும். எனக்கு இந்தக் கணக்குதான் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் உங்கள் 60 நாள் சரிதானா என்ற சண்டையே தேவையில்லாமல் போகிறது.

அந்த 28 பேரை மறக்க வேண்டாம். மேலே அவர்களைத் தேறாதவர்களாகத்தான் எண்ணினேன், அது கறாரான கணக்கு. வந்த 92 பேரின் விகிதமே அவர்களுக்கும் பொருந்தும் என்று வைத்தால் 78 பேர் தேறியதாக வரும், கூடுதல் பலன் 20லிருந்து 38 ஆகி, கூடுதலாகத் தேறிய ஒருவருக்கு ஆகும் செலவு 24,000லிருந்து 12,600 ஆகிவிடும். இரண்டையும் எழுதுங்கள், பக்கத்து 90 பேரிலும் வராதவர்களை அதே விதியில் வையுங்கள். அப்புறம் அவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள். நடவு சமயமா, திருப்பூருக்குப் போய்விட்டார்களா, அல்லது நோய் முற்றி வீட்டை விட்டே வரமுடியவில்லையா? கடைசி வகை அதிகம் என்றால் கறாரான கணக்குதான் உண்மைக்குப் பக்கம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் அரைநாள் பீடிக் கூலி போகிறதே. ஆறு முறை கூடுதலாக வந்து, முறைக்கு 150 ரூபாய் இழந்தால் தலைக்கு 900 கூடும், குவாலிக்கு 99,000. இதைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

கடைசிப் படி, எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் அசைப்பது. எக்ஸெலில் போதும்:

```
A2: =GAMMA.INV(RAND(),25,160)
B2: =NORM.INV(RAND(),60,15)
C2: =0.2+0.2*RAND()
D2: =200000*B2/365*C2-A2
```

A என்பது தலைக்குச் செலவு (சராசரி 4,000), B நாள், C எடை, D நிகர லாபம், அதாவது குவாலிக்கு 2 லட்சம் என்று பலனை ரூபாயாக்கி அதில் செலவைக் கழித்தது. இதை 1,000 வரிக்கு இழுத்து, D எத்தனை வரியில் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறது என்று எண்ணினால், 2 லட்சம் அளவுகோலில் திட்டம் கட்டுபடியாகும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் செலவை பலனால் வகுத்து அந்த விகிதங்களுக்குச் சராசரி எடுக்காதீர்கள், பலன் பூஜ்யத்தை ஒட்டி வரும் ஒரே வரி மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

B2ல் போட்ட அந்த 15 எங்கிருந்து வந்தது? பலரும் தடுக்கி விழும் இடம் இது. நோயாளிக்கு நோயாளி உள்ள விலகல் 100 நாள் இருக்கலாம், ஆனால் இங்கே போட வேண்டியது சராசரிகளின் வித்தியாசத்துக்கான பிழை. 92 பேரையும் 90 பேரையும் வைத்தால் அது 15 போல வரும். அதுவும் குறைவான மதிப்பீடுதான், ஏனென்றால் எல்லோரையும் ஒரே ஒருங்கிணைப்பாளர்தான் பார்த்திருக்கிறார், பலனில் எவ்வளவு திட்டத்துடையது, எவ்வளவு அந்த ஒருவரின் கைராசி என்று பிரிக்க உங்கள் தரவில் வழியில்லை. 15க்குப் பதில் 25 போட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அடுத்த வருடம் சேரன்மகாதேவி பக்கம் இன்னொரு பி.எச்.சி.யும் இன்னொரு ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்தால் இதை உண்மையிலேயே அளக்கலாம், அண்ணாச்சியிடம் ஃபீஸைக் குறைப்பதற்குப் பதிலாக அதற்குப் பணம் கேளுங்கள்.