ஸ்லாப் ஊற்றிய நாளின் பொருள் கணக்கு: கேள்வி பதில்

பதிலளிப்பவர் பேராக் மாநிலத்தில் நீண்ட காலம் கட்டுமான மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

இளம் மேற்பார்வையாளர், சுங்கை சிப்புட்: வணக்கம் ஐயா. தோட்டத்தை ஒட்டி நாங்கள் கட்டும் கடைவீட்டின் முதல் மாடி ஸ்லாப்பிற்கு நேற்று கான்கிரீட் ஊற்றினோம். திட்டக் கணக்கு 38.7 கன மீட்டர். 40 ஆர்டர் செய்தும் போதாமல் கடைசியில் 2 கூடுதலாகக் கேட்டோம். லோரிகளோடு வந்த டெலிவரி சீட்டுகளான டி.ஓ.க்களின் கூட்டுத்தொகை 42. வித்தியாசத்தைச் சேதாரம் என்று எழுதி நாள் குறிப்பை முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால் 3.3 கன மீட்டர் எங்கே போனது என்று பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் அனுப்பிய வரைபடத்தின்படி திட்டக் கணக்கு சரியாகவே இருக்கிறது. 18 மீட்டருக்கு 12 மீட்டர் தளத்தில் படிக்கட்டுத் திறப்பைக் கழித்தால் 204 சதுர மீட்டர், 150 மி.மீ. கனத்திற்கு அது 30.6 கன மீட்டர். ஸ்லாப்பின் அடிமட்டத்திற்குக் கீழே இறங்கும் பீம் பகுதிகளுக்கு 8.1.

முதலில், தளத்திற்கு வந்தும் ஸ்லாப்பிற்குள் போகாததைப் பிரித்து எழுதுங்கள். பம்ப் குழாய் 125 மி.மீ. விட்டமும் 30 மீட்டர் நீளமும் கொண்டது என்றால், வேலை முடிந்து கழுவும்போது அதற்குள் மட்டும் ஏறத்தாழ 0.37 கன மீட்டர் நிற்கும். பம்ப் தொட்டியில் தங்கியதையும் சேர்த்து 0.5 என்று கொள்ளலாம். பின்புற நடைமேடைக்கு 3 மீட்டருக்கு 1 மீட்டர், 100 மி.மீ. கனத்தில் ஊற்றியதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அது 0.3. ஆகவே ஸ்லாப்பிற்கும் பீமுக்கும் போனது 41.2, திட்டத்தைவிட 2.5 அதிகம்.

இந்த 2.5-ஐ 204-ஆல் வகுத்தால் 12 மி.மீ. வருகிறது. இவ்வளவு பெரிய தளத்தில் கண்ணுக்குத் தெரியாத 12 மி.மீ. கூடுதல் கனமே இந்தக் கான்கிரீட் முழுவதையும் விழுங்கிவிடும் என்பதால், கீழே சிந்தியதைத் தேடுவதற்கு முன் கனத்தைத்தான் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தபோது கம்பி விட்டு ஆழம் பார்த்தீர்களா?

அதே மேற்பார்வையாளர்: பார்த்தோம் ஐயா. 12 இடங்களில் குத்திப் பார்த்ததில் சராசரி 160 மி.மீ. ஓரங்களில் 151 முதல் 153 வரை, நடுப் பகுதியில் 168 முதல் 172 வரை. மேல்மட்டத்தை லெவல் கருவியால் பார்த்ததில் எங்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இல்லை.

பதில்: உங்கள் குறிப்பிலேயே மதிப்புள்ள வரி இதுதான். மேல்மட்டம் சரியாக இருக்கும்போது நடுவில் மட்டும் கனம் கூடியிருந்தால், அடிப்பலகை கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். மட்டப்பலகையை உயர்த்தி வைத்த தவறாக இருந்திருந்தால் மேல்மட்டமே காட்டிக் கொடுத்திருக்கும். முதல் நாள் மழையில் ஊறிய செம்மண்ணில் முட்டுக் கால்களுக்கு அடியில் பலகை வைக்காமல் நிறுத்தினார்களா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். முட்டுகளைக் கழற்றுவதற்கு முன்பே அடிப்புறத்தையும் லெவல் கருவியால் அளந்து எழுதுங்கள், ஏனெனில் கழற்றிய பிறகு ஸ்லாப்பும் தன் எடையால் சிறிது வளைவதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

சராசரி 10 மி.மீ. கூடுதல் என்றால் 2.04 கன மீட்டருக்குக் காரணம் கிடைத்துவிட்டது, எஞ்சுவது 0.46. நடுப் பகுதியில் 20 மி.மீ. கூடியிருப்பது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 50 கிலோ கூடுதல் சுமை என்பதால், இந்தச் செய்தி ஸ்டோர் கணக்கோடு நின்றுவிடாமல் இன்றே பொறியாளருக்கும் போக வேண்டும்.

குத்தகையாளர், தஞ்சோங் ரம்புத்தான்: இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நான் எப்போதும் 5 விழுக்காடு சேர்த்து ஆர்டர் செய்வேன். கம்பியே இடத்தை அடைத்துக்கொள்வதால் சேதாரமும் அதற்குள் அடங்கிவிடும்.

பதில்: கம்பி இடத்தை அடைக்கிறது என்பது உண்மைதான். ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ கம்பி இருந்தால் அது 1.3 விழுக்காடு இடத்தைப் பிடிக்கும். இந்த ஸ்லாப்பில் ஏறத்தாழ அரை கன மீட்டர். வழக்கமாக நாம் அதைக் கழிப்பதில்லை. ஆனால் கழிக்காமல் விட்ட அந்த அரை கன மீட்டர், எஞ்சிய 0.46-க்குச் சமாதானம் ஆகாது. மாறாக, அவ்வளவு கான்கிரீட் தேவைப்பட்டிருக்காது என்பதால், காரணம் தெரியாத அளவை 0.95 ஆக உயர்த்திவிடுகிறது. 5 விழுக்காடு சேர்த்து வாங்கினால் கான்கிரீட் குறையாது என்பது சரி. எனினும், பலகை இறங்கிய நாளும் இறங்காத நாளும் உங்கள் ஏட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

வீட்டுக்காரர், கோலகங்சார்: என் வீட்டு முன்கூடத்திற்கும் இதே பிரச்சினைதான். 60 சதுர மீட்டர். பி.ஆர்.சி. கம்பி வலை 5 தாள் போதும் என்று வாங்கினேன், போதவில்லை. ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா?

பதில்: இங்கே பேசுவது கான்கிரீட்டைப் பற்றி என்றாலும், உங்கள் கவலைக்கு விடை சுருக்கமானது. 6 மீட்டருக்கு 2.2 மீட்டர் தாளின் பரப்பு 13.2 சதுர மீட்டர். நீங்கள் அதைக் கொண்டு வகுத்திருக்கிறீர்கள். ஒன்றன்மேல் ஒன்று 300 மி.மீ. ஏறிப் படுக்க வேண்டும் என்றால் ஒரு தாள் மூடுவது 5.7 மீட்டருக்கு 1.9 மீட்டர், அதாவது 10.8 சதுர மீட்டர் மட்டுமே. ஓரத்தில் வெட்டுவதையும் சேர்த்தால் 6 அல்லது 7 தாள் ஆகும். வெட்டிய துண்டுகள் மூலையில் கிடக்கின்றனவா என்று பார்த்த பிறகு ஆட்களைப் பற்றிப் பேசுங்கள்.

ஸ்டோர் பொறுப்பாளர், ஈப்போ: ஐயா, காரணம் தெரியாத அந்த 0.95 லோரியிலேயே குறைவாக வந்திருக்கலாமே? டி.ஓ.வில் ஒரு லோரிக்கு 8 கன மீட்டர் என்று எழுதியிருப்பதை நாம் அப்படியே நம்புகிறோம்.

பதில்: இருக்கலாம், அம்மா, நானும் அதைத் தள்ளிவிடவில்லை. கலவை நிலையத்தின் எடைச் சீட்டில் ஒரு லோரியில் ஏற்றிய கலவை மட்டும் மொத்தம் 18,600 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஒரு கன மீட்டரின் எடையால் வகுத்தால் உண்மையான அளவு தெரியும். 150 மி.மீ. சோதனைக் கட்டியில் ஈரக் கான்கிரீட் 8 கிலோ நின்றால் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,370 கிலோ. எனவே அந்த லோரியில் இருந்தது 7.85. இதே குறைவு எல்லா லோரிகளிலும் இருந்தால் 42-இல் ஏறக்குறைய 0.8 குறைந்து, 0.95 முழுவதற்கும் கிட்டத்தட்டக் காரணம் கிடைத்துவிடும்.

ஆனால் இதை அப்படியே நிலையத்தின் மீது சுமத்த முடியாது. கட்டியின் எடையில் 50 கிராம் தவறினாலே ஒரு லோரிக்கு 0.05 கன மீட்டர் மாறும். மேலும் 12 இடங்களில் குத்திப் பார்த்த சராசரி 3 மி.மீ. தவறியிருந்தாலும் அரை கன மீட்டருக்கு மேல் மாறிவிடும். தம்பி, நேற்று எடுத்த கட்டிகளை அச்சிலிருந்து கழற்றியவுடனே எடை போட்டு வையுங்கள், எடைச் சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். அதுவரை குறிப்பில் இப்படி எழுதலாம்: "பெற்றது 42.0, பம்ப் 0.5, நடைமேடை 0.3, ஸ்லாப், பீம் 41.2. திட்டம் 38.7, கம்பி கழிக்கப்படவில்லை. கூடுதல் 2.5, அதில் 2.04 நடுப் பகுதியில் அடிப்பலகை இறங்கியதால் இருக்கலாம், அடிமட்ட அளவு நிலுவையில் உள்ளது. எஞ்சிய 0.46-க்குக் காரணம் உறுதியாகவில்லை, லோரி எடைச் சீட்டு கேட்கப்பட்டுள்ளது."